முதல் வேலை எந்தக் கணக்காய்வில்? கொத்மலை வணிகப் பட்டதாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

பூண்டுலோயா, இறம்பொடை, தவலந்தென்னை, ஹரங்கலை என்று கொத்மலையின் நாலா பக்கமிருந்தும் பல்கலைக்கழகம் போய் வணிகமாணிப் பட்டத்தோடு திரும்பியிருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்வதா, தோட்டக் கம்பெனி ஒன்றின் உள்ளகக் கணக்காய்வுப் பிரிவில் சேர்வதா? நான் இரண்டிலும் வேலை செய்தவன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எல்லோருக்குமாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

வெளியகக் கணக்காய்வாளர் பங்குதாரர்களுக்கு அறிக்கை தருகிறார், உள்ளகக் கணக்காய்வாளர் நிர்வாகத்துக்கும் பணிப்பாளர் சபைக்கும் அறிக்கை தருகிறார் என்று பரீட்சையில் எழுதியிருப்பீர்கள். அது சரியான விடைதான். ஆனால் அதை வைத்து வேலையைத் தெரிவுசெய்ய முடியாது. அதனால் நீங்கள் பிறந்த இடத்திலிருந்தே ஒரு தவறை எடுத்துக்கொள்வோம். அது இருவர் கண்ணிலும் எப்படிப் படுகிறது, எங்கே படாமல் போகிறது என்று பார்ப்போம்.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரிக்கிறார்கள். இத்தனை பேர் கொழுந்துக்கு, இத்தனை பேர் புல்லு வெட்ட, இத்தனை பேர் இளந்தேயிலைக்கு என்று முடிவாகிறது. கள உத்தியோகத்தர் பொக்கட் செக்ரோலில் பேர் போடுகிறார். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் என்ன வேலை, எந்த நம்பர் மலை என்பதும் விழுகிறது. மாத முடிவில் தோட்டக் கந்தோரில் கிளாக்கர் அதைச் செக்ரோலில் தொகுத்து, வேலை வாரியாகப் பிரித்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறார். பேரேட்டில் ஏறுவது அந்தத் தொகுப்புதான்.

ஒரு தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலை புதிதாக நட்டது, 2.5 ஹெக்டேர், இன்னும் கொழுந்து எடுக்கத் தொடங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து நாலாம் நம்பர் மலை நன்றாக விளைச்சல் தருவது. நாலாம் நம்பரில் களை எடுத்த கூலி இந்த ஆண்டின் செலவு. ஏழாம் நம்பரில் களை எடுத்த கூலி செலவாகாது. கொழுந்து தரத் தொடங்கும்வரை இளந்தேயிலைக்குப் போகும் பணம் LKAS 16 படி சொத்தின் விலையோடு சேர்கிறது. பிறகு அது தேயிலைச் செடியின் ஆயுட்காலம் முழுக்கத் தேய்மானமாகக் கழியும். நம் நாட்டுத் தோட்டக் கம்பெனிகள் அதற்குப் பொதுவாக 33 ஆண்டுகள் அளவில் எடுக்கின்றன.

இப்போது தவறு நடக்கும் இடத்துக்கு வருவோம். நாலாம் நம்பரில் களை எடுத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் ஏழு என்று எழுதிவிட்டால் போதும். வேலை நடந்தது உண்மை, ஆட்கள் வந்ததும் உண்மை, சம்பளம் முழுதாகக் கொடுபட்டதும் உண்மை. ஒரே ஓர் இலக்கம்தான் பொய். அந்த இலக்கத்தால் தோட்டத்தின் உற்பத்திச் செலவு ஒரு கிலோவுக்கு இத்தனை ரூபா என்ற கணக்கு குறைகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் தோட்ட முகாமையாளரைத் தலைமை அலுவலகம் அளக்கிறது. யாருடைய கூலியும் குறையாததால் யாரும் முறைப்பாடு செய்யப் போவதில்லை.

தொகையையும் பார்த்துவிடுவோம். அந்தத் தோட்டத்தின் நோர்ம் படி ஒரு ஹெக்டேர் இளந்தேயிலையில் மாதம் ஒரு சுற்றுக் களை எடுக்க 12 ஆட்கள் போதும் என்றால், ஏழாம் நம்பருக்கு 30 ஆட்கள் தேவை. செக்ரோல் 110 ஆட்கள் என்று காட்டுகிறது. 80 பேர் அதிகம். 2024இல் வந்த நாட்கூலி 1,350 ரூபா. அதற்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதம். ஆக ஓர் ஆளுக்கு 1,552.50 ரூபா. 80 பேருக்கு 1,24,200 ரூபா. ஆண்டு முழுக்க இப்படியே போனால் ஏறத்தாழ 15 இலட்சம். இந்த ஆண்டின் செலவாக வந்திருக்க வேண்டிய 15 இலட்சம், கொழுந்து எடுக்கத் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு 45,000 ரூபா வீதம் சின்னச் சின்னதாகக் கழியும்.

இதை வெளியகக் கணக்காய்வாளர் எப்படிப் பார்ப்பார்? கம்பெனியின் ஆண்டு வருமானம் 500 கோடி ரூபா என்றால், அதில் ஒரு வீதமான 5 கோடியைப் பொருண்மை எல்லையாக அவர் வைக்கக்கூடும். நிதிக்கூற்றுகளை வாசிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய பிழை எவ்வளவு பெரியது என்பதற்கான அளவு அது. அதிலும் 5 வீதத்துக்கு, அதாவது 25 இலட்சத்துக்கு உட்பட்ட பிழைகளைத் தொகுக்கத் தேவையில்லை என்று பொதுவாகத் தீர்மானிப்பார்கள். நம்முடைய 15 இலட்சம் அதற்கும் கீழே. பன்னிரண்டு தோட்டங்களில் இதே விளையாட்டு நடந்தாலும் 1 கோடி 80 இலட்சம்தான் வரும், எல்லையைத் தொடாது.

இளந்தேயிலைக்கு ஏறிய செலவில் அவர் மாதிரி எடுத்துப் பார்ப்பார். பேரேட்டிலிருந்து தொகுப்புக்கும், தொகுப்பிலிருந்து செக்ரோலுக்கும், செக்ரோலிலிருந்து சம்பளப் பட்டியலுக்கும் போவார். எல்லாம் பொருந்தும். பொய் நுழைந்தது முதல் எழுத்திலேயே என்பதால், அதற்குப் பிறகு வந்த தாள்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். மலைக்குப் போய்ப் பார்த்தால் ஏழாம் நம்பர் இருக்கும், செடியும் உயிரோடு இருக்கும். திறமையான சீனியர் ஒருவர் ஹெக்டேர் ஒன்றின் செலவைத் தோட்டத்துக்குத் தோட்டம் ஒப்பிட்டால், இந்தத் தோட்டம் மட்டும் தனித்து நிற்பதைக் கண்டுபிடிக்கக்கூடும். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு இந்தக் கம்பெனிக்கென்று கிடைப்பது சில வாரங்கள். அவற்றுக்குள் ஏலத் தரகர்களின் உறுதிப்படுத்தல், வங்கிக் கடன், களஞ்சிய இருப்பு, பணிக்கொடை எல்லாம் முடிய வேண்டும்.

உள்ளகக் கணக்காய்வாளர் இதே இடத்துக்கு வேறு வழியில் வருவார். அவர் பணத்திலிருந்து தொடங்குவதில்லை, ஆள்நாளிலிருந்து தொடங்குகிறார். மூன்று மாதச் செக்ரோலை எடுத்து மலை வாரியாக ஆட்களைக் கூட்டி, ஹெக்டேரால் வகுத்து, நோர்மோடு வைத்துப் பார்க்கிறார். ஏழாம் நம்பர் மாதம் ஹெக்டேருக்கு 44 ஆட்கள் என்று நிற்கிறது. அதே நேரத்தில் நாலாம் நம்பரில் மூன்று மாதமாகக் களை எடுத்ததாக ஒரு பேர்கூட இல்லை. இந்த இரண்டாவது தடயம் முக்கியமானது. செலவு ஓரிடத்தில் கூடினால் இன்னோரிடத்தில் குறைந்தே தீரும். கூடியதை மட்டும் காட்டினால் மழை என்பார்கள், மண் என்பார்கள். குறைந்ததையும் சேர்த்துக் காட்டினால் விளக்கம் சொல்வது கடினம்.

பிறகு நாலாம் நம்பர் மலைக்கு நடந்து போகிறார். மூன்று மாதம் கை படாத மலையில் களை முழங்காலுக்கு நிற்க வேண்டும். அங்கே மலை சுத்தமாக இருக்கிறது. கங்காணியிடம் போன மாதம் பன்னிரண்டாம் திகதி எங்கே வேலை என்று கேட்டால், “நாலாம் நம்பருக்குத்தாங்க போனோம், அன்னைக்கு நல்ல மழை” என்று பதில் வரும். அன்றைய பொக்கட் செக்ரோலில் ஏழு என்று இருக்கும்.

அந்தக் கங்காணியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய மொழி உங்களுடையது. ஆள்நாள், அரைப்பேர், நம்பர் மலை, நோர்ம் என்பவற்றை விளங்கிக்கொள்ளக் கொழும்புப் பிள்ளைக்கு ஒரு வருடம் ஆகும். நீங்கள் அவற்றோடு வளர்ந்தவர்கள். இதைத் தகுதியாக உங்களில் யாரும் விண்ணப்பத்தில் எழுதி நான் கண்டதில்லை. எழுதுங்கள்.

இதைத் தோட்டத்துச் சில்லறை வேலை என்று நினைத்துவிட வேண்டாம். 2002இல் அமெரிக்காவின் வேர்ல்ட்கொம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் வெளிப்பட்ட மோசடியின் பொறிமுறையும் இதுதான். மற்ற நிறுவனங்களின் இணைப்புகளைப் பயன்படுத்தக் கட்டிய கட்டணம் அந்தந்த ஆண்டின் செலவு. அதைச் சொத்து என்று எழுதி வைத்தார்கள். முதலில் வெளிவந்த தொகையே 380 கோடி டொலர். அதைக் கண்டுபிடித்தது சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்ளகக் கணக்காய்வுக் குழு. வெளியகக் கணக்காய்வாளரான ஆர்தர் அண்டர்சன் நிறுவனம் அதைப் பிடிக்கவில்லை. கூப்பரின் குழு நிதித் தலைவரைத் தாண்டிப் பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவிடம் நேரே போக முடிந்ததால்தான் விடயம் வெளியே வந்தது. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

நிதிக்கூற்றுகளில் எந்தக் காலத்திலும் தெரியாத ஒன்றும் இருக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கிலோ கழிப்பார்கள். உங்கள் அம்மாமார் இதைப் பற்றிப் பேசிக் கேட்டிருப்பீர்கள். நியாயமாகக் கழித்திருக்கிறார்களா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் எழுதிய நிறையை அன்றைக்குக் கூட்டுங்கள். அதே நாள் தொழிற்சாலை வாசலில் பதிந்த கொழுந்தின் நிறையை எடுங்கள். வழியில் கொழுந்து வாடி நிறை கொஞ்சம் இறங்குவதுதான் இயல்பு. தொழிற்சாலையில் பதிந்த நிறை நாள்தோறும் மலைக் கணக்கைவிடக் கூடவே இருந்தால், மலையில் அளவுக்கு மீறிக் கழிக்கிறார்கள். மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்றால், தேவையில்லாமல் கழித்த 2 கிலோ ஒரு பெண்ணுக்கு நாளொன்றில் 100 ரூபா. கம்பெனியின் கணக்கில் இது பிழையாகவே வராது, கொடுக்காத கூலி எந்தப் பேரேட்டிலும் இல்லை. வெளியகக் கணக்காய்வாளர் இங்கே வரமாட்டார், அவருடைய பணி அதுவல்ல. உள்ளகக் கணக்காய்வுத் திட்டத்தில் இது இருந்தால் மட்டுமே யாராவது பார்ப்பார்கள்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு உள்ளகக் கணக்காய்வுதான் நம் வழி என்று முடிவெடுத்துவிடாதீர்கள். மலையில் நின்று பார்த்தால் தெரியாத பிழைகளும் இருக்கின்றன, அவைதான் தொகையில் மிகப் பெரியவை.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டு சேவை முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாள் கூலி சேர்கிறது. 20 ஆண்டு வேலை செய்தவருக்கு 280 நாள். நாட்கூலி 1,000 ரூபா என்றால் 2,80,000. அது 1,350 ஆனால் 3,78,000. கூலி உயர்வது நாளையிலிருந்து என்றாலும், பணிக்கொடை கடைசிக் கூலியின்படி கணக்கிடப்படுவதால், கடந்துபோன இருபது ஆண்டுகளின் பொறுப்பும் ஒரே நாளில் 98,000 ரூபா ஏறிவிடுகிறது. இப்படி 5,000 தொழிலாளர் இருக்கும் கம்பெனிக்கு 49 கோடி. அவர்கள் ஓய்வு பெறப் போகும் ஆண்டுகளைப் பொறுத்து இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்தால் தொகை குறையும். கூலி உயரும் என்று முன்கூட்டியே எடுத்த எடுகோள் சரியாக இருந்தால் இன்னும் குறையும். அப்படியும் அது 5 கோடி எல்லையை எளிதாகத் தாண்டும்.

இந்தத் தொகையைச் சோதிப்பது வெளியகக் கணக்காய்வாளரின் பெரிய வேலைகளில் ஒன்று. காப்புக் கணிப்பாளர் கணக்கிட்டுத் தந்ததை அப்படியே ஏற்க முடியாது. கழிவு வீதம் எங்கிருந்து வந்தது, கூலி உயர்வு வீதம் நடைமுறைக்குப் பொருந்துகிறதா, தோட்டத்துப் பதிவேட்டில் உள்ள பிறந்த திகதியும் சேர்ந்த திகதியும் அவருக்குக் கொடுத்த தரவில் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூன்றாவதில் பயிலுநர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். சலிப்பான வேலை என்று பலர் முணுமுணுப்பார்கள். ஆனால் நாட்கூலி, சட்டம், எடுகோள், ஐந்தொகை ஆகிய நாலும் ஒரே தாளில் எப்படிச் சேர்கின்றன என்பதை அங்கேதான் கற்றுக்கொள்வீர்கள். உள்ளகக் கணக்காய்வில் பத்து வருடம் இருந்தும் இந்தத் தாளைத் திறந்தே பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

இனி என் தீர்ப்பு. முடியுமானால் முதல் மூன்று ஆண்டுகள் வெளியகக் கணக்காய்வில் இருங்கள். 1959இல் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பயிற்சிக் காலமும் மூன்று ஆண்டுகள்தான். பின்னாளில் சொந்தமாக நிறுவனம் வைத்துக் கணக்காய்வு அறிக்கையில் கையொப்பமிட விரும்பினால், கணக்காய்வு நிறுவனத்தில் பெற்ற அனுபவம் இல்லாமல் அது நடக்காது. அந்தக் கதவை இருபத்து நாலு வயதில் நீங்களாகவே மூடிக்கொள்ள வேண்டாம். பிறகு உள்ளகத்துக்கு மாறிக்கொள்வது எளிது. மறுபக்கமாக மாறுவது கடினம். முப்பது வயதில் வேறோர் இடத்தில் பயிலுநராகத் தொடங்க மனமும் வீட்டு நிலைமையும் இடம் கொடுக்க வேண்டுமே.

ஆனால் எந்த நிறுவனம் என்பதை யோசித்துத் தெரிவுசெய்யுங்கள். பெரிய பெயர் உள்ள நிறுவனத்தில் மூன்று ஆண்டும் வங்கிப் பிரிவில் கடன் கடிதங்களை ஒப்பிட்டே கழிந்துவிடலாம். நடுத்தர நிறுவனம் ஒன்றில் இரண்டாம் ஆண்டிலேயே ஒரு சிறிய கம்பெனியின் கோப்பைத் தொடக்கம் முதல் கடைசிவரை நீங்களே முடிக்க வாய்ப்புக் கிடைக்கலாம். நேர்முகத்தில் தோட்டக் கம்பெனிகள் உங்கள் வாடிக்கையாளர்களா, அந்தக் குழுவில் என்னைப் போடுவீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் குறையில்லை. தமிழ் பேசும் பயிலுநர் தேவை என்பது அவர்களுக்கே தெரியும்.

கொழும்பில் போர்டிங்குக்கும் சாப்பாட்டுக்கும் பயிலுநர் கொடுப்பனவு போதாது என்பதும், வீட்டில் தம்பி தங்கை படிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானவர்கள் கம்பெனியின் உள்ளகப் பிரிவில் சேர்வது தவறில்லை. ஆனால் நியமனக் கடிதத்தில் கையெழுத்திட முன் மூன்று விடயங்களை விசாரித்துவிடுங்கள்.

கணக்காய்வுப் பிரிவின் தலைவர் யாருக்கு அறிக்கை கொடுக்கிறார்? பணிப்பாளர் சபையின் கணக்காய்வுக் குழுவுக்கு என்றால் நல்லது. நிதி முகாமையாளருக்கு மட்டும் என்றால், நீங்கள் நாலாம் நம்பர் மலையில் கண்டது அவருடைய மேசையோடு நின்றுவிடக்கூடும். வேர்ல்ட்கொமை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அடுத்து, கொடுப்பனவு வவுச்சர்களில் காசோலை போவதற்கு முன் நீங்கள் கையொப்பமிட வேண்டுமா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது பெயரளவில்தான் கணக்காய்வு. நீங்களே அனுமதித்த கொடுப்பனவை நாளை நீங்களே சோதிக்க முடியாது. நாள் முழுக்க வவுச்சர் பார்த்தே மூன்று ஆண்டு போனவர்களை அடுத்த வேலைக்கு எடுப்பவர்கள் எழுதுவினைஞராகத்தான் கணிக்கிறார்கள். மூன்றாவது, அங்கே பயிற்சியை மேற்பார்வை செய்து ஒப்பமிடத் தகுதியுள்ள பட்டயக் கணக்காளர் இருக்கிறாரா, அந்தக் கம்பெனி பயிற்சி இடமாக நிறுவகத்தால் ஏற்கப்பட்டதா என்பது. இல்லையென்றால் உங்கள் மூன்று ஆண்டும் எங்கேயும் பதிவாகாது.

அரச தோட்டங்களின் பக்கம் இன்னொரு வழியும் உண்டு. ஜனவசம எனப்படும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் கணக்காய்வாளர் நாயகத்தின் கீழ் வருகின்றன. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், கணக்காய்வுக்கு உட்படும் நிறுவனங்களுக்கு உள்ளகக் கணக்காய்வாளரையும் கட்டாயமாக்குகிறது. இவற்றில் தொழிலாளரின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் கட்டப்படாமல் நிலுவையில் கிடப்பதை அரச கணக்காய்வு அறிக்கைகள் திரும்பத் திரும்பப் பதிவுசெய்திருக்கின்றன. அந்த அறிக்கைகள் பகிரங்கமானவை, தமிழிலும் கிடைக்கின்றன. எந்த வேலைக்குப் போவதானாலும் ஒன்றையாவது முழுதாக வாசியுங்கள். ஒரு கண்டறிதலை எப்படி எழுதுவது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் உங்களுக்குக் கிடைக்காது.

எழுதுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். “ஏழாம் நம்பர் மலைக்கு ஆட்கள் பிழையாகப் பதியப்பட்டுள்ளனர்” என்று எழுதினால் அது கண்டறிதல் ஆகாது. என்ன கண்டீர்கள், எப்படி இருந்திருக்க வேண்டும், ஏன் நடந்தது, விளைவு எவ்வளவு, என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் வேண்டும். ஏழாம் நம்பரில் ஹெக்டேருக்கு 44 ஆட்கள் பதியப்பட்டுள்ளனர், நோர்ம் 12, பொக்கட் செக்ரோலில் மலை இலக்கத்தை மாலையில் யாரும் சரிபார்ப்பதில்லை, மூன்று மாதத்தில் 3,72,600 ரூபா செலவு சொத்தாக ஏறியுள்ளது, ஒவ்வொரு வாரமும் இளந்தேயிலை ஆள்நாளை உதவி முகாமையாளர் மலையில் பார்த்து ஒப்பமிட வேண்டும். இதை ஆங்கிலத்தில் ஐந்து வசனத்தில் எழுதப் பழகுங்கள். பட்டம் தமிழ் மூலமாக முடித்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் இதுதான் பெரிய மலையாக இருக்கும். வேலை கிடைக்கக் காத்திருக்கும் நாட்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

கடைசியாக, உள்ளகப் பிரிவில் சேர்ந்தவர்களுக்கு என்றாவது ஒரு நாள் வரக்கூடிய நிலைமை. ஆண்டுத் திட்டத்தில் உங்கள் அப்பாவோ பெரியம்மாவோ பேர் போடும் தோட்டமே வந்துவிடும். அன்றைக்குத் தலைவரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். இன்ன தோட்டத்தில் என் உறவினர் வேலை செய்கிறார், அதனால் இந்தக் கணக்காய்விலிருந்து என்னை விலக்குங்கள் என்று எழுதிக் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கிலோ கழிவை நீங்கள் கண்டுபிடித்துத் தொழிலாளருக்கு நியாயம் கிடைக்கப் போகும் வேளையில், கண்டவர் அந்த லயத்துப் பிள்ளை என்று சொல்லி அந்த அறிக்கையை ஒதுக்கி வைக்க யாருக்கும் இடம் கிடைக்கக் கூடாது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்த வழியில் நடந்த ஒரு அண்ணன்